வருவதாகச் சொன்னவன் வந்தானா?

ஆங்கில நாவல்களில் பக்கத்துக்கு இரண்டு முறையாவது வரக்கூடிய எளிய வாக்கியம் ஒன்று உண்டு: 'ஹீ செட் ஹீ வுட் கம்.' வருவதாகச் சொன்னான், அவ்வளவுதான். இதை இத்தாலிய மொழியில் எழுதும்போது, 'திஸ்ஸே கே சரெப்பே வெனூத்தோ' என்று எழுத வேண்டும். 'திஸ்ஸே' என்றால் சொன்னான். 'கே' என்பது நம் 'என்று' செய்கிற வேலையைச் செய்யும் சிறு சொல். மீதமிருக்கும் 'சரெப்பே வெனூத்தோ' என்ற இரட்டை வினையை மட்டும் தனியே பிரித்து ஓர் இத்தாலியரிடம் காட்டினால், 'வந்திருப்பான், ஆனால் வரவில்லை' என்றுதான் முதலில் பொருள் சொல்வார்.

ஆங்கிலத்தில் வருவானா மாட்டானா என்பது இன்னும் தெரியாத ஒருவன், இத்தாலிய மொழிக்குள் நுழைந்ததும் வராமல் போனவனின் சாயலை ஏற்றுக்கொள்கிறான். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்த இடத்தில் இத்தாலிய மொழி வேறு வடிவத்தை ஏற்பதும் இல்லை. ஆனால் கதையின் போக்கில் அந்தச் சாயல் வேண்டாத இடத்தில் விழுந்துவிட்டால், படிப்பவர் பத்துப் பக்கம் முன்கூட்டியே ஏமாற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது வினைகளின் காலம் எப்படி மாறுகிறது என்பதை இத்தாலிய இலக்கணக்காரர்கள் 'காலங்களின் இசைவு' என்ற பொருளில் 'கொன்கொர்தான்ஸா தெய் தெம்பி' என்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து இத்தாலிய மொழிக்கு மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். அதிலும் 'வுட்' என்ற ஒரே சொல்தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 'நாளைக்கு வருவேன்னு சொன்னான்' என்று அவன் பேசிய பேச்சை அப்படியே வைத்து, 'என்று' போட்டு மூடிவிடுகிறோம். 'மறுநாள் வருவதாகச் சொன்னான்' என்று மாற்றி எழுதினாலும், 'வருவதாக' என்ற எதிர்கால வடிவம் எதிர்காலமாகவே நிற்கிறது. சொன்ன நேரத்துக்குப் பிறகு நடக்கவேண்டியது 'வருவதாக', சொன்ன நேரத்துக்கு முன்பே நடந்து முடிந்தது 'வந்ததாக'. கதை எந்தக் காலத்தில் சொல்லப்பட்டாலும் இவை அசைவதில்லை.

ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. 'செட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் வினையையும் ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. 'ஐ ஆம் டயர்ட்' என்றவள் 'ஷீ வாஸ் டயர்ட்' ஆகிறாள். 'ஐ வில் கம்' என்றவன் 'ஹீ வுட் கம்' ஆகிறான். இத்தாலிய மொழியும் அப்படித்தான் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் போவதால், வடிவத்துக்கு வடிவம் மாற்றினால் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலம் ஒரே வடிவத்தில் மூன்று நான்கு பொருள்களைச் சேர்த்துவைக்கிறது, இத்தாலிய மொழி அவற்றுள் சிலவற்றைப் பிரித்துச் சொல்லும்படி கேட்கிறது. வேறு சிலவற்றை, ஆங்கிலம் பிரித்துவைத்திருந்தாலும், இத்தாலிய மொழி ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆகவே ஆங்கில வினையைப் பார்த்து இத்தாலிய வினையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஆள் அன்றைக்கு வாய் திறந்து என்ன சொன்னார் என்பதைத் திரும்பக் கட்டி எழுப்பிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

சாதாரண இறந்தகாலத்தில் தொடங்குவோம். 'ஹீ செட் ஹீ லெஃப்ட் அட் ஃபைவ்' என்று ஒரு வாக்கியம். துப்பறியும் கதையில் காவல் அதிகாரியின் கேள்விக்கு ஒரு குமாஸ்தா சொன்ன பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம். அவர் என்ன சொன்னார்? 'தினமும் ஐந்து மணிக்குக் கிளம்புவேன்' என்றாரா, 'அன்றைக்கு ஐந்து மணிக்குக் கிளம்பினேன்' என்றாரா? ஆங்கில இலக்கணப் புத்தகம், இரண்டாவது பொருளுக்கு 'ஹேட் லெஃப்ட்' என்று எழுதச் சொல்லும். ஆனால் ஆங்கிலக் கதைசொல்லிகள் அந்த 'ஹேட்' இல்லாமலே எழுதிப் பழகியவர்கள். வாசகருக்குச் சூழலில் புரிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள்.

இத்தாலிய மொழியில் விட முடியாது. வழக்கம் என்றால் 'திஸ்ஸே கே உஷீவா அல்லே சிங்க்வே'. அன்றைக்கு மட்டும் என்றால் 'திஸ்ஸே கே ஏரா உஷீத்தோ அல்லே சிங்க்வே'. முதலாவதில் உள்ள 'உஷீவா' தொடர்ச்சியான இறந்தகாலம், 'இம்பெர்ஃபெத்தோ' என்பார்கள். இரண்டாவது, சொன்ன நேரத்துக்கும் முன்பே முடிந்துபோன செயலைக் காட்டும் 'த்ராபஸ்ஸாத்தோ'. தமிழில் 'கிளம்புவதாக' என்பதற்கும் 'கிளம்பியதாக' என்பதற்கும் உள்ள அதே வேறுபாடு. எனவே தமிழ் தெரிந்த ஒருவருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் 'ஆக' போட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தால், இத்தாலிய மொழி கேட்கும் பதில் கிடைத்துவிடும்.

இங்கே நடக்கும் பிழையை அடையாளம் காண்பதும் எளிது. மொழிபெயர்ப்பாளர் 'லெஃப்ட்' என்ற சாதாரண இறந்தகாலத்தைப் பார்க்கிறார். இத்தாலிய நாவல்களில் கதை நகரும் வினை வடிவம் 'பஸ்ஸாத்தோ ரெமோத்தோ'. 'சொன்னான்' என்பதற்கு 'திஸ்ஸே' என்று எழுதுவதும் அதுதான். கை பழகிய அதே வடிவத்தில் உள்வினையையும் போட்டு 'திஸ்ஸே கே உஷீ' என்று எழுதிவிடுகிறார். கிளம்பியது முன்பா, சொன்னது முன்பா என்ற வரிசை அதில் மங்கிவிடுகிறது. 'களைப்பாக இருப்பதாகச் சொன்னாள்' என்பதற்கு 'திஸ்ஸே கே ஏரா ஸ்தாங்கா' என்பதுதான் சரி. 'ஏரா' என்ற இடத்தில் 'ஃபூ' வந்தால் இத்தாலியரின் காதில் உறுத்தும். கையெழுத்துப் பிரதியில் 'சொன்னான்', 'நினைத்தாள்', 'எழுதினார்' போன்ற சொற்களுக்குப் பின்னால் வரும் துணைவாக்கியத்தில் பஸ்ஸாத்தோ ரெமோத்தோ தென்பட்டால், பத்துக்கு ஒன்பது முறை அங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது என்று கொள்ளலாம்.

இத்தாலியர்கள் பெரிதும் விரும்பும் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. சொல்பவரும் செய்பவரும் ஒருவரே என்றால், துணைவாக்கியத்தையே தவிர்த்து 'திஸ்ஸே தி எஸ்ஸெரெ ஸ்தாங்கா' என்று வினையின் பெயர்வடிவத்தால் முடித்துவிடலாம். வரிசையாகப் பத்து 'கே' வரும் பத்தியில் இது மூச்சுவிட இடம் தரும். ஆனால் எதிர்காலத்துக்கு இந்த வழியைப் பயன்படுத்தினால் ஆபத்து. 'திஸ்ஸே தி வெனீரே' என்றால், வருவதாகச் சொன்னான் என்று ஆகாது. வரச் சொன்னான் என்று ஆகிவிடும். வாக்கு கொடுத்தவன் கட்டளையிட்டவனாக மாறிவிடுவான்.

நம்பினாள், நினைத்தாள், பயந்தாள் போன்ற வினைகளுக்குப் பின்னால் இத்தாலிய மொழி இன்னொரு முடிவையும் கேட்கிறது. 'அவன் நோயுற்றிருக்கிறான் என்று நினைத்தாள்' என்பது 'பென்சாவா கே ஃபொஸ்ஸே மலாத்தோ'. 'ஏரா' இருந்த இடத்தில் 'ஃபொஸ்ஸே' வந்துவிட்டது. உறுதியில்லாததை, ஒருவர் மனதில் மட்டும் இருப்பதைக் காட்டும் 'கொஞ்ஜுந்தீவோ' வடிவம் இது. 'தெரியும்' என்ற வினைக்குப் பின்னால் மறுபடியும் 'ஏரா'. ஆனால் இந்த நினைப்பு எதிர்காலத்தைப் பற்றியது என்றால், 'வருவான் என்று நினைத்தாள்' என்றால், பெரும்பாலும் பழைய 'சரெப்பே வெனூத்தோ'வே திரும்பி வருகிறது. சொன்னாலும் நினைத்தாலும் தெரிந்திருந்தாலும், இறந்தகாலத்தில் நின்றபடி முன்னால் பார்ப்பதற்கு இத்தாலிய மொழி பொதுவாக நாடுவது இந்த ஒரே வடிவத்தைத்தான். இலக்கணத்தில் இதன் பெயர் 'கொந்தித்ஸியொனாலே பஸ்ஸாத்தோ', இறந்தகால நிபந்தனை வடிவம்.

இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. லத்தீனில் இருந்து பிறந்த மொழிகளில் நிபந்தனை வடிவம் என்பதே, இறந்தகாலத்தில் இருந்து எதிர்காலத்தைப் பார்க்கும் தேவையை ஒட்டி உருவானது. 'வர' என்ற வினையின் பெயர்வடிவத்தோடு, 'கொண்டிருந்தான்' என்ற பொருளுள்ள துணைவினை ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லானது. 'அவனுக்கு வரவேண்டியிருந்தது' என்பதுபோல் ஒரு பொருள். பிரெஞ்சும் ஸ்பானிஷும் அந்தத் துணைவினையின் தொடர் இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டன. இத்தாலிய மொழிக்கு அடிப்படையான தொஸ்கானா பேச்சு, அதன் முடிந்த இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. 'வெர்ரெப்பே' என்ற சொல்லின் வால்பகுதியில் இருக்கும் 'எப்பே' அதுதான். இன்றும் இத்தாலிய மொழியில் 'எப்பே' தனியாக நின்றால், கொண்டிருந்தான் என்று பொருள்.

பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் இன்றுவரை 'வருவதாகச் சொன்னான்' என்பதற்கு அந்த ஒற்றை வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள். பழைய இத்தாலிய எழுத்தாளர்களும் 'திஸ்ஸே கே வெர்ரெப்பே' என்று எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு வடிவங்களும் அருகருகே வாழ்ந்தன. பிறகு கூட்டுவடிவம் மற்றதை வெளியேற்றிவிட்டது. இன்றைய இத்தாலிய மொழியில் 'வெர்ரெப்பே' என்று எழுதினால் பிழை என்று திருத்துவார்கள், அல்லது 'வசதிப்பட்டால் வருவான் போல' என்று வேறு பொருளில் எடுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ் கற்றுவிட்டு இத்தாலிய மொழிக்கு வருபவர்கள் இந்தப் பள்ளத்தில் தவறாமல் விழுகிறார்கள். ஆங்கிலத்தில் இருந்து வருபவர்களும், 'வுட் கம்' என்றால் நிபந்தனை வடிவம் என்று பள்ளியில் படித்ததை நம்பி இங்கேயே விழுகிறார்கள்.

கூட்டுவடிவம் வென்றதால் ஏற்பட்ட இழப்பு என்ன என்பதுதான் மொழிபெயர்ப்பாளரைத் தூங்கவிடாத விஷயம். ஒருவர் இத்தாலிய மொழியில் மூன்று விதமாகப் பேசலாம். 'முடிந்தால் வருவேன்' என்று நம்பிக்கையோடு சொல்லலாம்: 'வெர்ரோ சே பொத்ரோ'. 'முடிந்தால் வரலாம்தான்' என்று சந்தேகத்தோடு இழுக்கலாம்: 'வெர்ரெய் சே பொதெஸ்ஸி'. 'முடிந்திருந்தால் வந்திருப்பேன்' என்று முடிந்துபோனதற்கு வருந்தலாம்: 'சரெய் வெனூத்தோ சே அவெஸ்ஸி பொதூத்தோ'. நேர்ப்பேச்சில் இவை மூன்றும் வேறு வேறு மனநிலைகள். இவற்றை 'அவன் சொன்னான்' என்று அயற்கூற்றாக்கும்போது, ஒழுங்கான எழுத்துநடையில் மூன்றுக்கும் ஒரே வாக்கியம்தான் கிடைக்கிறது: 'திஸ்ஸே கே சரெப்பே வெனூத்தோ சே அவெஸ்ஸே பொதூத்தோ.'

ஆங்கிலத்தில் 'வுட் கம் இஃப் ஹீ குட்' என்பதும் 'வுட் ஹாவ் கம் இஃப் ஹீ ஹேட் பீன் ஏபிள்' என்பதும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. முதலாமவன் இனிமேல் வரக்கூடும். இரண்டாமவன் வரவே இல்லை. இத்தாலிய மொழியில் இரண்டு பேரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வினைவடிவத்தால் அவர்களைப் பிரிக்க முடியாது. வினைக்கு வெளியே, பக்கத்தில் இருக்கும் சொற்களைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

இதற்கு அனுபவமுள்ளவர்கள் கையாளும் வழிகள் எல்லாமே சிறியவை. 'மறுநாள்', 'ஏப்ரலில்' என்று முன்னால் கிடக்கும் ஒரு காலத்தை வினைக்கு முன்பே நிறுத்திவிட்டால், படிப்பவரின் கண் முன்னோக்கித் திரும்பிவிடும். 'சொன்னான்' என்ற சொல்லை இடையில் இன்னொரு முறை செருகினால், இது வாக்குறுதிதான் என்பது உறுதியாகும். நடக்காமல் போன செயலுக்கு, 'இல்லாவிட்டால்' என்ற பொருளில் 'அல்த்ரிமென்தி' என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தப் பக்கமும் தெளிவாகிவிடும். 'வாக்களித்தான்' என்ற வினையைப் போட்டு 'ப்ரொமீஸே தி வெனீரே' என்று சுருக்கவும் செய்யலாம். இங்கே 'தி வெனீரே' கட்டளையாகாது. ஆனால் இந்தக் கடைசி வழியை நான் விரும்புவதில்லை. ஆங்கில ஆசிரியர் வெறுமனே 'சொன்னான்' என்று எழுதியிருக்கும்போது அதை 'வாக்களித்தான்' என்று ஆக்குவது, அந்தப் பாத்திரத்தின் தலையில் அவன் ஏற்காத ஒரு பொறுப்பை ஏற்றுவதாகும். பின்னால் அவன் வராமல் போனால், இத்தாலிய வாசகர் அவனை ஆங்கில வாசகரைவிடக் கடுமையாக வெறுப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் கதைசொல்லியின் குரலுக்கு. பாத்திரங்கள் தங்களுக்குள் பேசும்போது நிலைமை மாறிவிடுகிறது. சமையலறையில் நின்றுகொண்டு தங்கையிடம் 'அவன் வருவதாகச் சொன்னான்' என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால், அவள் 'திஸ்ஸே' என்று தொடங்கவே மாட்டாள்; பெரும்பாலான இத்தாலியர்கள் பேச்சில் 'ஆ தெத்தோ' என்றுதான் சொல்வார்கள். அடுத்த வினையும் அவள் மனதைப் பொறுத்தது. அவன் வரவேண்டிய நேரம் இன்னும் வரவில்லை என்றால் 'ஆ தெத்தோ கே வெர்ரா' என்று நேரான எதிர்காலத்தையே வைத்துவிடலாம். நேரம் கடந்துவிட்டது என்றால், அல்லது கொஞ்சம் எரிச்சலோடு சொல்கிறாள் என்றால், 'ஆ தெத்தோ கே வெனீவா' என்பாள். இது தொடர் இறந்தகால வடிவம்; புத்தகநடைக்கு ஒத்துவராது, ஆனால் இத்தாலிய வீடுகளில் நாள்தோறும் கேட்பது இதுதான்.

ஆங்கிலத்தில் கதைசொல்லியும் அந்தப் பெண்ணும் ஒரே 'வுட்'டைத்தான் சொல்வார்கள். அதனால் கவனமில்லாத மொழிபெயர்ப்பில் பன்னிரண்டு வயதுப் பையன்கூடச் சண்டையின் நடுவில் 'சரெப்பே வெனூத்தோ' என்று திருத்தமாகப் பேசுவான். தவறு என்று யாரும் விரல் நீட்ட முடியாது. ஆனால் அந்தப் பையனின் வாய்க்கு அந்த வாக்கியம் பொருந்தாது.

இதைவிடக் கடினமான இடம், 'சொன்னான்' 'நினைத்தாள்' என்ற சொற்களே இல்லாமல் ஒரு பாத்திரத்தின் நினைப்பு கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் கலந்து வருவது. ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் இதில் பெரிய தேர்ச்சி பெற்றவர். 1912-இல் சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஷார்ல் பாலி இதற்குச் 'சுதந்திரமான மறைமுகநடை' என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார். இத்தாலியர்களும் அதே பொருளில் 'திஸ்கோர்சோ இந்திரெத்தோ லீபெரோ' என்கிறார்கள். இத்தாலிய இலக்கியத்துக்கு இது அந்நியமான உத்தி அல்ல. 1881-இல் வெளிவந்த ஜொவான்னி வேர்காவின் 'இ மலவோல்யா' நாவலில் ஒரு சிசிலி மீனவ ஊரே இப்படித்தான் கதைசொல்லியின் குரலுக்குள் புகுந்து பேசுகிறது. ஆகவே கருவிகள் இருக்கின்றன. ஆனால் 'சொன்னான்' என்ற நங்கூரம் இல்லாததால், ஒவ்வொரு வினையும் எந்தப் பொருளில் வந்தது என்று மொழிபெயர்ப்பாளரே கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கென்று நானே கட்டிய ஒரு சிறு ஆங்கிலப் பத்தியை எடுத்து முழுவதுமாகச் செய்து பார்க்கலாம். ஹெலன் என்ற தாய், மகன் டாம் எழுதிய கடிதத்தை மறுபடி படிக்கிறாள். 'டாம் செட் ஹீ வாஸ் வெல். ஹீ வொர்க்ட் அட் த ஹார்பர். ஹீ லெஃப்ட் த ஹாஸ்பிடல் ஆன் மண்டே. ஹீ வுட் கம் ஹோம் இன் ஏப்ரல். ஹீ வுட் ஹாவ் கம் அட் கிறிஸ்மஸ் இஃப் தேர் ஹேட் பீன் மனி. ஆஸ் அ பாய் ஹீ வுட் ஹைட் ஹிஸ் பேட் மார்க்ஸ் அண்டர் த மேட்ரெஸ், அண்ட் வுட் நாட் சே அ வேர்ட். ஷீ வுட் வெயிட்.' கடைசி நான்கு வாக்கியங்களில் 'வுட்' ஐந்து முறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டும்.

முதல் வாக்கியத்தில் 'செட்' என்பதற்கு 'திஸ்ஸே' பொருந்தாது. டாம் இப்போது பேசவில்லை, கடிதம் பேசுகிறது. கடிதம் சொல்வதற்கு இத்தாலிய மொழி தொடர் இறந்தகாலத்தைக் கேட்கும்: 'தோம் திச்சேவா கே ஸ்தாவா பேனே.' அடுத்ததில் டாம் எழுதியது 'துறைமுகத்தில் வேலை செய்கிறேன்' என்பதுதான் என்று ஊகிக்கிறோம். அதனால் 'லவொராவா அல் போர்த்தோ'. மூன்றாவது வாக்கியமும் ஆங்கிலத்தில் அதே வடிவம்தான், ஆனால் மருத்துவமனையிலிருந்து ஒருவர் திங்கள்தோறும் வெளியே வந்துகொண்டிருக்க மாட்டார். நடந்து முடிந்தது, ஒரே முறை. எனவே 'ஏரா உஷீத்தோ தல்லொஸ்பெதாலே'. திங்கள்கிழமை என்பதற்கு முன்னால் வெறும் சுட்டுச்சொல்லை மட்டும் போட்டு 'இல் லுனெதீ' என்று நிறுத்தினால் இத்தாலிய மொழியில் திங்கள்தோறும் என்ற பொருள் வந்துவிடும். 'அதற்கு முந்தைய திங்கள்' என்று 'இல் லுனெதீ ப்ரீமா' என்று எழுத வேண்டும். காலம் மாறும்போது நாளைக் குறிக்கும் சொற்களும் கூடவே இப்படி நகரும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும், 'நேற்று' என்பது 'முந்தின நாள்' ஆகும்.

பிறகு ஏப்ரலும் கிறிஸ்துமஸும். விதிப்படி எழுதினால் இரண்டு இடத்திலும் 'சரெப்பே தொர்னாத்தோ' என்ற ஒரே வடிவம் அடுத்தடுத்து வந்து நிற்கும். முதலாவது இனிமேல் நடக்கவேண்டியது, இரண்டாவது நடக்காமலே போனது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், நடக்காமல் போனதன் நிழல் ஏப்ரலின் மீதும் விழுந்துவிடும். ஹெலன் மகனை நம்பாதவள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த அவநம்பிக்கையை இலக்கணம் அவளுக்கு முன்பே அறிவித்துவிடக் கூடாது. நான் செய்வது இது: ஏப்ரலை முன்னால் இழுத்து, நடுவில் கடிதத்தின் குரலை மறுபடி கொண்டுவந்து, 'இன் அப்ரீலே, திச்சேவா, சரெப்பே தொர்னாத்தோ அ காஸா' என்று எழுதுவேன். கிறிஸ்துமஸ் வாக்கியத்தை, பணம் இல்லாததில் இருந்து தொடங்குவேன்: 'அ நதாலே நோன் செரானோ இ ஸோல்தி, அல்த்ரிமென்தி சரெப்பே வெனூத்தோ.' கிறிஸ்துமஸில் பணம் இல்லை, இல்லாவிட்டால் வந்திருப்பான். 'அல்த்ரிமென்தி' என்ற சொல் கதவைச் சாத்திவிடுகிறது. ஆங்கிலத்தின் 'இஃப்' இங்கே காணாமல் போனது உண்மைதான், ஆனால் பொருளில் ஒன்றும் குறையவில்லை.

மதிப்பெண் அட்டையை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்த 'வுட்' முற்றிலும் வேறு இனம். சிறுவயதில் அவன் ஒளித்துவைப்பான் என்ற பழக்கம். எதிர்காலத்துக்கும் நிபந்தனைக்கும் அதில் இடமே இல்லை, 'நஸ்கொந்தேவா' என்ற தொடர் இறந்தகாலம் போதும். இங்கே நிபந்தனை வடிவத்தைப் போட்டுவிட்டால், அவன் பிற்காலத்தில் ஒளித்துவைக்கப்போகிறான் என்று இத்தாலிய வாசகர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இருந்து அவசரமாகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பை ஒரே பார்வையில் காட்டிக்கொடுப்பது இந்தப் பிழைதான். அதே வாக்கியத்தின் 'வுட் நாட் சே' இன்னும் வேறு: அது மறுப்பு. வாயே திறக்க மாட்டான் என்ற பிடிவாதம். 'நோன் திச்சேவா' என்று வெறுமனே எழுதினால் பேசவில்லை என்ற தகவல் மட்டும் போய்ச்சேரும். 'சி ஒஸ்தினாவா அ தச்சேரே' என்றால் வாய் மூடியிருப்பதில் அவன் காட்டிய பிடிவாதமும் சேர்ந்துகொள்ளும்.

மிஞ்சியது 'ஷீ வுட் வெயிட்'. ஆங்கிலத்தில் மூன்றே சொல், 'காத்திருப்பாள்'. அவளே தனக்குள் 'காத்திருக்கிறேன், சரி' என்று தீர்மானித்துக்கொண்டது. விதிப்படி 'அவ்ரெப்பே அஸ்பெத்தாத்தோ'. 'நினைத்தாள்' என்ற சொல் எதுவும் பக்கத்தில் இல்லை, முன்பின்னாகக் காலத்தைக் காட்டும் சொல்லும் இல்லை. சற்று முன்புதான் நடக்காத கிறிஸ்துமஸ் இதே வடிவத்தில் வந்து போயிருக்கிறது. இப்படியே விட்டால் 'காத்திருந்திருப்பாள், ஆனால் காத்திருக்கவில்லை' என்று படிக்கும் வாசகரைக் குறை சொல்ல முடியாது.

இதற்குச் சிலர் வினையை மாற்றி, 'காத்திருக்கத் தீர்மானித்தாள்' என்று 'தெச்சீஸே தி அஸ்பெத்தாரே' என்று எழுதுவார்கள். அதில் குழப்பம் தீர்கிறது, ஆனால் அவள் மனதுக்குள் ஒலித்த குரல் போய், கதைசொல்லி அவளைப் பற்றி வெளியில் நின்று அறிக்கை வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. 'லேய்' என்று 'அவள்' என்ற சொல்லைச் சேர்த்தால், டாம் எப்படியோ போகட்டும், அவள் காத்திருப்பாள் என்ற எதிர்நிலை கிடைக்கும்; ஆனால் நடக்காமல் போன சாயல் முழுதாக விலகாது. எனக்குச் சரியாகப் படுவது 'அவ்ரெப்பே அஸ்பெத்தாத்தோ அங்கோரா' என்பது. 'அங்கோரா' என்றால் இன்னும். அவள் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்தச் சொல் கேட்பவருக்கு நினைவூட்டுகிறது, இனி வரும் நாள்களையும் அதோடு சேர்த்துவிடுகிறது. நடந்துகொண்டிருக்கிற ஒன்று நீள்கிறது என்று புரிந்த பிறகு, அது நடக்கவே இல்லை என்று யாரும் படிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறேன் என்று பதிப்பாசிரியர் ஓரத்தில் குறிப்பெழுதினால், அந்தச் சொல்லின் பொருள் ஆங்கிலத்தின் 'வுட்'டுக்குள் இருந்தது என்பதே என் பதில்.